கேமுக்குப் பணம் போய்விட்டதா? வீட்டுப் பொது போனில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

திருமங்கலத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பள்ளி விடுமுறை விட்டால் போதும், டிஸ்ப்ளே உடைந்த போன்களோடு இன்னொரு வகைப் புகாரும் கவுண்டருக்கு வந்துவிடும்: "போனைப் பையன்தான் வைத்திருந்தான், கணக்கில் பணத்தைக் காணோம் அண்ணே." வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள். அப்பத்தா அதில் பாட்டுக் கேட்பார், அம்மா அதில்தான் சுயஉதவிக் குழுப் பணம் அனுப்புவார், பிள்ளை அதே போனில் கேம் ஆடும். அந்த மாதிரி வீடுகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு என்ன நடந்ததோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

ரம்மி போலப் பணம் கட்டி ஆடும் சூதாட்டச் செயலிகள் வேறு சங்கதி, அவற்றை இங்கே தொடவில்லை. பிளே ஸ்டோரில் இறக்கிய சாதாரண கேமுக்குள் நாணயம், வைரம், பாஸ் என்று வாங்குவதைப் பற்றி மட்டும் பார்ப்போம்.

## எதையும் தொடுவதற்கு முன்

கேமை அழிக்காதீர்கள். கோபத்தில் எல்லாரும் முதலில் செய்வது அதுதான். அழிப்பதால் போன பணம் வராது, சந்தா இருந்தால் அதுவும் நிற்காது. மேலும், கேம் நிறுவனத்துக்கு எழுத வேண்டி வந்தால் அவர்கள் முதலில் கேட்பது கேமுக்குள் இருக்கும் பிளேயர் ஐடியைத்தான். அழித்துவிட்டால் அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு. கேமைத் திறந்து, பெயரும் ஐடி எண்ணும் தெரிகிற பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

வங்கியின் எஸ்எம்எஸ்களையும் அழிக்க வேண்டாம். பணம் போன தேதியும் நேரமும்தான் இந்த வேலையில் முக்கியம்.

பிள்ளையை அப்புறம் திட்டிக்கொள்ளலாம். எந்த கேம், எதை வாங்கியது, எப்படிப் பணம் கட்டியது என்ற மூன்றும் அதற்குத்தான் தெரியும். அடித்துவிட்டு அழைத்து வந்த பிள்ளை வாயே திறப்பதில்லை.

## அறிகுறி 1: பணம் போயிருக்கிறது, எதற்கென்று தெரியவில்லை

முதலில் எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள், அல்லது யுபிஐ செயலியின் வரலாற்றைப் பாருங்கள். பணம் பெற்றவர் பெயரில் Google Play என்றோ Google என்றோ இருந்தால் பிளே ஸ்டோர் வழியாகத்தான் போயிருக்கிறது.

அடுத்து பிளே ஸ்டோரைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தொடுங்கள். "Payments & subscriptions" உள்ளே போய் "Budget & history" என்பதைத் திறந்தால், வாங்கியவை எல்லாம் தேதியோடும் தொகையோடும் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வாங்கலுக்கும் GPA. என்று தொடங்கும் நீண்ட ஆர்டர் எண் உண்டு. இனி எங்கே புகார் கொடுத்தாலும் அந்த எண்ணைக் கேட்பார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒன்றுமே இல்லையா? பொது போனில் இது அடிக்கடி நடக்கும், பதற வேண்டாம். போனில் ஒன்றுக்கு மேற்பட்ட கூகுள் கணக்கு இருக்கும். போன் வாங்கியபோது கடைக்காரர் போட்டுக் கொடுத்தது ஒன்று, ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளை பெயரில் தொடங்கியது ஒன்று. கேம் எந்தக் கணக்கில் இறக்கப்பட்டதோ, வாங்கலும் அந்தக் கணக்கில்தான் பதிவாகும். அதே வட்டப் படத்தைத் தொட்டு, பெயருக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தினால் மற்றக் கணக்குகள் தெரியும். ஒவ்வொன்றாக மாறி ஒவ்வொன்றின் வரலாற்றையும் பாருங்கள். அந்தந்தக் கணக்கின் ஜிமெயிலிலும் ரசீது வந்து கிடக்கும்.

எந்தக் கணக்கிலும் இல்லையா? அப்படியானால் பணம் பிளே ஸ்டோருக்கு வெளியே போயிருக்கிறது. கேம் நாணயத்தை வேறு இணையதளத்திலோ, "பாதி விலைக்குத் தருகிறேன்" என்ற யாரோ ஒருவரின் யுபிஐ எண்ணிலோ பிள்ளை வாங்கியிருக்கலாம். பிளே ஸ்டோர் இதில் ஒன்றும் செய்ய முடியாது. இணையதளம் என்றால் அவர்களிடமே கேட்க வேண்டும். தனிஆளுக்கு அனுப்பி ஏமாந்திருந்தால் அறிகுறி 7-க்குப் போங்கள்.

வீட்டில் யாருமே வாங்கவில்லை, ஆனால் பிளே ஸ்டோர் வரலாற்றில் இருக்கிறதா? கணக்கு வெளியாள் கையில் இருக்கலாம். உடனே கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, வங்கிக்குச் சொல்லிவிட்டு, கூகுளிடம் அனுமதியில்லாத கட்டணம் என்று புகார் கொடுங்கள். இதற்கு வாங்கிய நாளிலிருந்து 120 நாள் அவகாசம் உண்டு. வீட்டுப் பிள்ளை வாங்கியது நன்றாகத் தெரிந்திருந்தும் இந்த வழியில் போகாதீர்கள். அது திருட்டுக்கான படிவம், விசாரிப்பதும் அப்படித்தான் விசாரிப்பார்கள்.

## அறிகுறி 2: பிள்ளை கேட்காமல் வாங்கிவிட்டது, பணம் திரும்ப வேண்டும்

இங்கே எல்லாமே கடிகாரத்தைப் பொறுத்தது. வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே திருப்பிக் கேட்கலாம். அதைத் தாண்டினால் கேமை உருவாக்கிய நிறுவனத்திடம் கேட்கச் சொல்வார்கள். இரண்டு நாள் என்று பொத்தாம்பொதுவாக நினைக்காமல் மணிக்கணக்கில் எண்ணுங்கள்.

போனில் குரோமைத் திறந்து play.google.com போங்கள். வட்டப் படம், "Payments & subscriptions", "Budget & order history". வாங்கிய பொருளுக்குப் பக்கத்தில் "Report a problem" இருக்கும். அதைத் தொட்டால் காரணங்கள் பட்டியலாக வரும். நண்பரோ குடும்பத்தாரோ என் சம்மதமில்லாமல் வாங்கிவிட்டார் என்ற பொருள் தரும் வரியைத் தேர்ந்தெடுங்கள். கீழே உள்ள பெட்டியில் நடந்ததை இரண்டு மூன்று வரியில் எழுதி, பணம் திரும்ப வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தமிழில் எழுதலாமா என்று கேட்பார்கள், நான் எளிய ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறேன். இப்படி:

```
My son (age 11) bought this on our shared family phone
without my permission. Please refund this order.
```

ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். ஒன்றுக்கு அனுப்பிவிட்டு மற்றதெல்லாம் தானாக வரும் என்று காத்திருந்தால் 48 மணி நேரம் கழிந்துவிடும்.

ஒரு வீட்டின் கணக்கை அப்படியே சொல்கிறேன். வாடிப்பட்டிப் பக்கம் மல்லிகை போடுகிற குடும்பம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் போட்ட பூவுக்குக் கமிஷன் கடைக்காரர் யுபிஐயில் பணம் அனுப்புவார், அது அம்மாவின் கணக்கில் விழும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா பையனோடு வந்தார். வரலாற்றைத் திறந்தால் ஒரு கார் பந்தய கேமுக்குள் வாங்கிய ஆறு ஆர்டர்கள். முந்தின செவ்வாய்க்கிழமை 449 ரூபாய், 89 ரூபாய். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு 449. ஞாயிறு காலை 449, 89. அதோடு ஞாயிறு அன்றே 159 ரூபாய்க்கு வாரச் சந்தா ஒன்று, மூன்று நாள் இலவசம் முடிந்து தானாகப் பிடித்தது. மொத்தம் 1,684 ரூபாய்.

சனி மாலை ஏழிலிருந்து திங்கள் காலை பத்துக்கு 39 மணி நேரம். அந்த 449-க்கு இன்னும் 9 மணி நேரம்தான் மிச்சம் என்பதால் அதற்கு முதலில் அனுப்பினோம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமையின் இரண்டு. சந்தாவை முதலில் ரத்து செய்துவிட்டு அதன் 159-க்கும் அனுப்பினோம். இந்த நாலும் திரும்பி வந்தன, 1,146 ரூபாய். செவ்வாய்க்கிழமை ஆர்டர்கள் 48 மணி நேரத்தைத் தாண்டியவை. பிளே ஸ்டோரில் அந்த கேமின் பக்கத்தில் "App support" என்ற இடத்தில் நிறுவனத்தின் மின்னஞ்சல் இருக்கும். பிளேயர் ஐடி, இரண்டு GPA எண், தேதி எல்லாம் போட்டு எழுதினோம். நாணயங்களைச் செலவழித்தாகிவிட்டது, தர முடியாது என்று பதில் வந்தது. ஆக 538 ரூபாய் போனது போனதுதான்.

எல்லாருக்கும் இதே விகிதத்தில் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 48 மணி நேரத்துக்குள் கேட்டாலும் முடிவு கூகுள் கையில். ஒரே கேமுக்குத் திரும்பத் திரும்பக் கேட்டால் மறுப்பார்கள். ஒருமுறை பணம் வாங்கிவிட்டு அடுத்த மாதமும் அதே கதையோடு வருகிறவர்களுக்கு என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. இன்னொன்று: பணம் திரும்பினால் வாங்கிய பொருள் கேமிலிருந்து போய்விடும். நாணயத்தைச் செலவழித்திருந்தால் சில கேம்களில் அந்தக் கணக்கையே முடக்குவார்கள். பிள்ளையிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் இரண்டாவது சண்டை.

வங்கிக்குப் போகலாமா? யுபிஐ பின்னையோ ஓடிபியையோ போட்டு வாங்கியது என்றால் வங்கியைப் பொறுத்தவரை அது நீங்களே செய்த பரிவர்த்தனை. கிளையில் போய் நின்றாலும் பெரும்பாலும் பயனில்லை. கூகுளிடம் கேட்டுக்கொண்டே வங்கியிலும் ஒரு தகராறு பதிவு செய்வது நல்லதல்ல, கூகுள் பக்கத்துக் கணக்கில் சிக்கல் வரலாம். ஒரு வழியைப் பிடித்து முடிவு தெரிந்த பிறகு அடுத்ததை யோசியுங்கள்.

ஐபோன் என்றால் reportaproblem.apple.com போய், ஆப்பிள் ஐடியில் நுழைந்து, "Request a refund" தேர்ந்தெடுக்க வேண்டும்.

## அறிகுறி 3: கேமை அழித்தும் வாராவாரம், மாதாமாதம் பணம் போகிறது

இது சந்தா. செயலியை நீக்குவது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு.

பிளே ஸ்டோரில் வட்டப் படம், "Payments & subscriptions", "Subscriptions". ஓடிக்கொண்டிருக்கும் சந்தாக்கள் அங்கே தெரியும். ஒன்றைத் தொட்டு "Cancel subscription" கொடுங்கள். ஏன் என்று கேட்கும், ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்டுக் கடைசித் திரை வரை போய்விடுங்கள். பாதியில் வெளியே வந்தவர்கள் பலர் ரத்தாகிவிட்டது என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ரத்தானால் இந்தத் தேதியோடு முடிகிறது என்று ஒரு வரி வரும், அதுவரை கட்டிய காலத்துக்கு பாஸ் வேலை செய்யும். அடுத்த பிடித்தத்துக்கு ஒரு நாளாவது முன்னால் செய்துவிடுங்கள்.

பட்டியலில் இல்லையென்றால் மற்றக் கூகுள் கணக்குகளுக்கு மாறிப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் யுபிஐ செயலியைத் திறந்து "Autopay" என்ற இடத்துக்குப் போங்கள். யார் யாருக்குத் தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் அது. போனில் இரண்டு மூன்று யுபிஐ செயலி இருந்தால் ஒவ்வொன்றிலும் பாருங்கள். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம், யுபிஐ பின் கேட்கும். பிளே ஸ்டோர் சந்தா என்றால் முதலில் பிளே ஸ்டோரில் ரத்து, அப்புறம் இங்கே.

"பின் போடாமல் எப்படிப் பணம் போகும்?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆட்டோபேயில் தொடங்கும்போது ஒரே ஒரு முறைதான் பின். அதற்குப் பிறகு 15,000 ரூபாய் வரையிலான பிடித்தங்களுக்குப் பின் தேவையில்லை. பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் ஓர் அறிவிப்பு வரும், அது ஆஃபர் எஸ்எம்எஸ்களோடு சேர்ந்து கண்ணில் படாமல் போய்விடும். தொடங்கும் இடம் பெரும்பாலும் இலவசச் சோதனைதான். "ரெண்டு ரூபாதாம்மா, ஒரு தடவை பின் போடு" என்று பிள்ளை போனை நீட்டும், அடுப்படியிலிருந்தபடி அம்மா போட்டுக் கொடுப்பார். அந்தத் திரையில் அதிகபட்சத் தொகையும், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதும் எழுதியிருக்கும். பின் போடும் முன் பார்க்க வேண்டியது அந்த இரண்டு வரிகளைத்தான்.

ரத்து செய்வதால் ஏற்கெனவே பிடித்த பணம் வராது. கடைசிப் பிடித்தம் 48 மணி நேரத்துக்குள் என்றால் அறிகுறி 2-இல் சொன்னபடி தனியாகக் கேளுங்கள்.

## அறிகுறி 4: பணம் போய்விட்டது, கேமில் நாணயம் வரவில்லை

மறுபடி பணம் கட்டாதீர்கள். இரண்டு முறை கட்டிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

பிளே ஸ்டோர் வரலாற்றில் அந்த ஆர்டர் "Pending" என்று இருந்தால் பணம் இன்னும் நடுவழியில் நிற்கிறது. சில மணி நேரம் பொறுங்கள். ஆர்டர் முடிந்துவிட்டதாகக் காட்டியும் நாணயம் வராவிட்டால் கேமை முழுதாக மூடி, போனை ஒருமுறை அணைத்துப் போட்டு, திரும்பத் திறந்து பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் கேமுக்குள் எந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறது என்று பாருங்கள். அண்ணன் கணக்கில் வாங்கிவிட்டுத் தம்பி கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் GPA எண்ணும் பிளேயர் ஐடியும் சேர்த்துக் கேம் நிறுவனத்துக்கு எழுதுங்கள். இந்தப் புகாருக்கு அவர்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே பதில் சொல்கிறார்கள்.

வங்கியில் பணம் போய், பிளே ஸ்டோர் வரலாற்றில் அந்த ஆர்டரே இல்லையா? அது வங்கி வேலை. யுபிஐயில் கடைக்குக் கட்டிய பணம் அங்கே உறுதியாகாமல் நின்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே விதி போட்டிருக்கிறது. ஐந்து நாள் கழிந்தும் வராவிட்டால், யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதிவு செய்யுங்கள், 12 இலக்கக் குறிப்பு எண்ணோடு வங்கியிலும் எழுதிக் கொடுங்கள். 30 நாளாகியும் வங்கி பதில் சொல்லவில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் தரலாம். கட்டணம் இல்லை.

## அறிகுறி 5: திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், பணம் வரவில்லை

ஆர்டர் வரலாற்றில் அந்த வாங்கல் "Refunded" என்று மாறியிருக்கிறதா பாருங்கள். மாறவில்லையென்றால் முடிவு இன்னும் வரவில்லை, ஜிமெயிலைப் பாருங்கள். மாறியிருந்தால், எந்த வழியில் கட்டினீர்களோ அந்த வழியிலேயே திரும்பும். கூகுள் பிளே பேலன்ஸில் வாங்கியது பேலன்ஸுக்கே போகும், வங்கிக்கு வராது. வங்கியில் தேடித் தேடி அலைகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகை. கார்டு, யுபிஐ என்றால் சில வேலை நாள்கள் ஆகும்.

## அறிகுறி 6: பூட்டுப் போட்டும் மறுபடி மறுபடி வாங்கல் நடக்கிறது

கடையில் நான் அதிக நேரம் செலவழிப்பது இதற்குத்தான். பூட்டு இருக்கும், ஆனால் வேறு கதவு திறந்திருக்கும். எளிதானதிலிருந்து வரிசையாகப் பாருங்கள்.

பூட்டு எப்படி வைக்கப்பட்டிருக்கிறது? பிளே ஸ்டோரில் வட்டப் படம், "Settings", "Purchase verification". பழைய போன்களில் "Authentication" என்பதற்குள் இருக்கும். ஒவ்வொரு வாங்கலுக்கும் சரிபார்க்கும்படி இருக்க வேண்டும். 30 நிமிடத்துக்கு ஒருமுறை என்று இருந்தால், நீங்கள் ஒன்றுக்குப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்த பிறகு அரை மணி நேரம் கதவு திறந்தே கிடக்கும்.

எல்லாக் கணக்கிலும் வைத்தீர்களா? இந்த அமைப்பு அந்தப் போனில் அந்தக் கணக்குக்கு மட்டும்தான். மூன்று கணக்கு இருந்தால் மூன்றிலும் வைக்க வேண்டும். போனை ரீசெட் செய்தாலும் புது போன் மாற்றினாலும் மறுபடி வைக்க வேண்டும்.

யாருடைய விரல் பதிவாகியிருக்கிறது? பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். விரல்ரேகை கொடுத்து வாங்கும்படி வைத்திருந்தால், போனில் பதிந்திருக்கும் எந்த விரலும் செல்லும். போனைத் திறந்து ஆடட்டும் என்று பிள்ளையின் விரலையும் பதிந்து வைத்திருப்பீர்கள். அந்த விரலே வாங்கலுக்கும் ஒப்புதல் கொடுத்துவிடும். போனின் செட்டிங்ஸில் பிள்ளையின் விரலை நீக்குங்கள். இல்லையென்றால் "Purchase verification" பக்கத்தில் பயோமெட்ரிக்கை அணைத்து, கூகுள் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். அந்தப் பாஸ்வேர்டு வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்பதும் நடக்கும். அதே போனில் "Forgot password?" வழியாக முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

யுபிஐ பின் பிள்ளைக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பால்காரருக்கும் மளிகைக் கடைக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பின் போடுகிறோம். மாற்றிவிடுங்கள். டெபிட் கார்டையும் எடுத்து வையுங்கள். கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும் கையில் இருந்தால், ஓடிபி அதே போனுக்கு வருவதால், பழைய பின் தெரியாமலே புதுப் பின் போட்டுவிடலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது பெரிய காரியமில்லை.

பிளே பேலன்ஸில் பணம் இருக்கிறதா? கடையில் காசு கொடுத்து வாங்கும் ரீசார்ஜ் கோடு அதில் போய் உட்கார்ந்துவிடும். அதிலிருந்து செலவழிக்க வங்கிப் பின் எதுவும் தேவையில்லை. "Payment methods" பக்கத்தில் பேலன்ஸ் தெரியும். சேமித்து வைத்த கார்டு, செல்போன் பில்லில் சேர்க்கும் வசதி போன்றவையும் அங்கே இருக்கும், வேண்டாததை நீக்குங்கள்.

மாத பட்ஜெட் வைக்கும் வசதியை நம்ப வேண்டாம். அது தொகையைத் தாண்டும்போது எச்சரிக்கும், வாங்குவதைத் தடுக்காது.

இவ்வளவும் செய்தும் நிற்கவில்லையா? கேம்களை வேறு கூகுள் கணக்குக்கு மாற்றுவதுதான் எனக்குத் தெரிந்ததில் நன்றாக நிற்கும் வழி. எந்தப் பணம் கட்டும் முறையும் சேர்க்காத புதுக் கணக்கு ஒன்றைப் போனில் சேருங்கள். பிளே ஸ்டோரில் அந்தக் கணக்குக்கு மாறி, அதிலும் பூட்டு வைத்து, கேம்களை அதிலிருந்து இறக்குங்கள். ஏற்கெனவே இருக்கும் கேம் பழைய கணக்கோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அதை அழித்துவிட்டுப் புதிதாக இறக்க வேண்டும். அழிப்பதற்கு முன் கேமின் செட்டிங்ஸில் பிள்ளையின் முன்னேற்றம் ஏதாவது ஒரு கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கெஸ்டாக ஆடிக்கொண்டிருந்தால் எல்லாம் போய்விடும், பிள்ளை பல மாதம் சேர்த்தது அது. ரீஃபண்ட் கேட்டு முடிவு வராமல் இருந்தாலும் கேமை அழிக்காமல் காத்திருங்கள்.

கூகுளின் Family Link பற்றிக் கேட்பார்கள். பிள்ளைக்கென்று தனி போன் இருந்தால் அருமையான வசதி. வாங்க நினைத்தால் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும். அதில் "All content" என்று வைத்தால்தான் பிள்ளை சொந்தமாக ரீசார்ஜ் கோடு போட்டு வாங்குவதற்கும் அனுமதி கேட்கும். ஆனால் அம்மாவும் பிள்ளையும் ஒரே போனைப் புழங்குகிற வீட்டுக்கு அது ஒத்துவராது.

## அறிகுறி 7: "ரீஃபண்ட் வாங்கித் தருகிறோம்" என்று யாரோ அழைக்கிறார்கள்

துண்டித்துவிடுங்கள். கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடி, முதலில் கிடைத்ததை அழைத்து மாட்டிக்கொண்டவர்கள் கடைக்கு வருகிறார்கள். 449 ரூபாயைத் திரும்ப வாங்கப் போய்ப் பல ஆயிரம் இழந்திருப்பார்கள். திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்வார்கள், பணம் வர பின் போடச் சொல்வார்கள். யுபிஐயில் பணம் வருவதற்குப் பின் தேவையே இல்லை, பின் கேட்டாலே பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ரீஃபண்ட் கேட்பது மேலே சொன்ன பக்கங்களில் மட்டும்தான், யாருக்கும் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை.

பின் போட்டுவிட்டீர்கள், பணம் போய்விட்டது என்றால் என் கடைக்கு வருவதற்கு முன் 1930-க்கு அழையுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் போன கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு. உடனே வங்கிக்கும் சொல்லி யுபிஐயை நிறுத்தச் சொல்லுங்கள், இறக்கச் சொன்ன செயலியை நீக்குங்கள். அப்புறம் cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். 12 இலக்கப் பரிவர்த்தனை எண், அழைத்தவரின் எண், பணம் போன யுபிஐ ஐடி, எஸ்எம்எஸ்ஸின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவை கையில் இருக்கட்டும். இணையத்தில் பதிய வரவில்லை என்றால் அதே விவரங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போங்கள்.